ஐபிஎல் அணிகளுக்கு எலோ ரேட்டிங்: K-ஐத் தேர்ந்தெடுப்பதும், புள்ளி வித்தியாசத்தை வெற்றி வாய்ப்பாக மாற்றுவதும்

2021 அக்டோபரில் துபாயில் சிஎஸ்கே கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். 2023இல் மறுபடியும் கோப்பை. இந்த மூன்று வருடங்களில் ஏதோ ஒரு நாள் காலையில் "இன்று சிஎஸ்கே ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால், பழைய வெற்றிகளை எவ்வளவு தூரம் கணக்கில் எடுப்பது என்பதுதான் முதல் சிக்கல். புள்ளிப்பட்டியல் ஒவ்வொரு சீசனும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ரசிகர் மனசு எதையும் மறப்பதில்லை. எலோ ரேட்டிங் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதை K என்ற ஒரே எண் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

எலோ என்பது ஒருவரின் பெயர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ, செஸ் வீரர்களுக்காக இதை உருவாக்கினார். 1970இல் ஃபிடே ஏற்றுக்கொண்டது. 2018 முதல் ஃபிஃபாவும் ஆண்கள் அணிகளின் தரவரிசைக்கு இதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அணிகளுக்கு, அதிலும் ஏலத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் டி20 அணிகளுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று இங்கே பார்ப்போம்.

## இரண்டே சூத்திரம்

எல்லா அணிக்கும் 1500 கொடுத்துத் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு முன்னால், A அணி B-யை வெல்லும் வாய்ப்பு:

```
E = 1 / (1 + 10^(-(RA - RB)/400))
```

ஆட்டம் முடிந்த பிறகு:

```
RA_புதியது = RA + K × (S - E)
```

S என்பது முடிவு. வென்றால் 1, தோற்றால் 0. A-க்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு B-க்குக் குறையும். எதிர்பார்த்த வெற்றிக்குக் கொஞ்சம், எதிர்பாராத வெற்றிக்கு நிறைய. அவ்வளவுதான் இயந்திரம்.

1500க்கு எந்த அர்த்தமும் கிடையாது; 1000 என்று வைத்தாலும் ஒன்றுதான். 400க்கு அர்த்தம் உண்டு. ஒரு புள்ளி வித்தியாசம் எவ்வளவு வாய்ப்பாக மாறும் என்பதை அதுதான் நிர்ணயிக்கிறது. ஃபிஃபா அந்த இடத்தில் 600 வைத்திருக்கிறது. அதனால் 100 புள்ளி முன்னிலை என்றால் 400 அளவில் 64%, ஃபிஃபா அளவில் 59.5%. ஒரு ரேட்டிங் பட்டியலைப் பார்த்து "100 புள்ளி முன்னால இருக்காங்க" என்று யாராவது சொன்னால், எந்த அளவில் என்று கேட்டுவிட்டு அப்புறம் வியக்கலாம்.

## முதல் மூன்று நாள், கையால்

ஐபிஎல்லின் தொடக்க ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். K = 20. சொந்த மைதானச் சாதகத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

2008 ஏப்ரல் 18, பெங்களூரு. பிரெண்டன் மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158 அடித்து, கேகேஆர் 140 ரன் வித்தியாசத்தில் ஆர்சிபியை நொறுக்கிய ஆட்டம். இரண்டும் 1500, ஆகவே E = 0.5. கேகேஆர் 1510, ஆர்சிபி 1490. 140 ரன்னில் ஜெயித்தாலும் கடைசிப் பந்தில் ஜெயித்தாலும் அதே 10 புள்ளிதான். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசலாம்.

ஏப்ரல் 20, கேகேஆர் (1510) டெக்கான் சார்ஜர்ஸை (1500) வென்றது. 10 புள்ளி முன்னிலைக்கு E = 0.514. எனவே ஏற்றம் 20 × 0.486 = 9.7. கேகேஆர் 1519.7.

அதே நாள் மும்பையில் ஆர்சிபி (1490) மும்பை இந்தியன்ஸை (1500) வென்றது. இங்கே E = 0.486, ஏற்றம் 10.3. ஆர்சிபி 1500.3க்கு வந்துவிட்டது. ஒரு தோல்வி, ஒரு வெற்றி, ஆனால் தொடங்கிய இடத்தைவிட இம்மி மேலே. ஏனென்றால் தோற்றபோது எதிரணி சமம். வென்றபோது எதிரணி ரேட்டிங்கில் ஒரு படி மேலே இருந்தது.

நிரலாக எழுதினால் இதுவே:

```python
def expected(ra, rb, home=0):
    return 1 / (1 + 10 ** (-(ra - rb + home) / 400))

def update(ra, rb, s, k, home=0):
    d = k * (s - expected(ra, rb, home))
    return ra + d, rb - d
```

## தரவைத் தயார் செய்யும்போது

சூத்திரத்தைவிட இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. கிரிக்‌ஷீட் தளத்தில் எல்லா ஐபிஎல் ஆட்டங்களின் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கியதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, அணிப் பெயர். `Delhi Daredevils` 2019 முதல் `Delhi Capitals`. `Kings XI Punjab` 2021 முதல் `Punjab Kings`. `Royal Challengers Bangalore` 2024 முதல் `Royal Challengers Bengaluru`. இவற்றை இணைக்காவிட்டால், பெயர் மாறிய அன்று அந்த அணி புதுசாகப் பிறந்து 1500இல் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் சத்தமில்லாமல் தப்பாகிவிடும். இதற்கு நேர்மாறாக, டெக்கான் சார்ஜர்ஸும் சன்ரைசர்ஸும் ஒரே ஊர் என்றாலும் வேறு வேறு அணிகள். புனே வாரியர்ஸும் பிறகு வந்த ரைசிங் புனேவும் அப்படியே. ஆனால் ரைசிங் புனே 2016இல் `Supergiants`, 2017இல் `Supergiant`. ஒரு எழுத்தில் இரண்டு அணியாகிவிடும். சரிபார்க்க எளிய வழி: ஒவ்வொரு சீசனிலும் எத்தனை பெயர் வருகிறது என்று மட்டும் பார்க்காமல், தரவு முழுக்க எத்தனை பெயர் வருகிறது என்றும் எண்ணுங்கள்.

இரண்டாவது, சீசன். அந்தக் கோப்புகளில் 2008 சீசன் `2007/08` என்றும், 2020 சீசன் `2020/21` என்றும் இருக்கும். சீசன் என்ற புலத்தை நம்பாமல் ஆட்டத் தேதியிலிருந்து ஆண்டை எடுங்கள்.

மூன்றாவது, முடிவில்லாத ஆட்டங்கள். 2023 மே 3 அன்று லக்னோவில் சிஎஸ்கே ஆட்டம் மழையில் போனதுபோல இருந்தால், அந்த வரியையே விட்டுவிடுங்கள், 0.5 போடக் கூடாது. சூப்பர் ஓவருக்குப் போன ஆட்டம் வேறு. நாற்பது ஓவர் ஆடியும் பிரிக்க முடியாத இரண்டு அணிகளுக்கு S = 0.5 கொடுப்பதே என் வழக்கம். ஒற்றை ஓவரில் வெளிப்படுவது பலத்தைவிட அதிர்ஷ்டம்தான்.

## K என்பது ஞாபகம்

"K பெரிதானால் ரேட்டிங் வேகமாக மாறும்" என்று எல்லா விளக்கமும் சொல்லும். எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஓரளவு சமமான எதிரணிகளுடன் ஆடும் ஒரு அணியின் பலம் திடீரென மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங் அந்தப் புதிய இடத்துக்குப் பாதி தூரம் போய்ச்சேர ஏறக்குறைய 480/K ஆட்டங்கள் ஆகும். K = 10 என்றால் 48 ஆட்டம், 20 என்றால் 24, 40 என்றால் 12.

ஐபிஎல் அணி லீக் சுற்றில் ஆடுவதே 14 ஆட்டம். K = 20 வைத்தால் பாதி தூரம் போவதற்குள் சீசன் முடிந்துவிடும். அப்படியானால் 40 வைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு விலை உண்டு. ஒரு அணியின் உண்மையான பலம் துளியும் மாறாமல் இருந்தாலும், வெற்றி தோல்வி மாறி மாறி வருவதாலேயே ரேட்டிங் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தின் வழக்கமான அளவு K = 10க்கு ஏறத்தாழ 30 புள்ளி, 20க்கு 42, 40க்கு 59. 42 புள்ளி என்பது 50 சதவீதத்தை 56 ஆக்கப் போதும். ஆக K = 20இலேயே, நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கு வெறும் தற்செயலாக இருக்கலாம்.

இதை ராஜஸ்தான் ராயல்ஸை வைத்துப் பார்ப்போம். 2008இல் ஷேன் வார்ன் தலைமையில் 16 ஆட்டங்களில் 13 வென்று கோப்பையை எடுத்தது. 81% வெற்றி. அதை அப்படியே நம்பினால் சராசரி அணியைவிட 255 புள்ளி மேலே இருக்க வேண்டும். எதிரணிகள் எல்லாம் 1500இல் இருந்ததாக எளிமையாகக் கணக்கிட்டால், சீசன் முடிவில் K = 10 அதற்குச் சுமார் 45 புள்ளி ஏற்றம் தரும், K = 20 சுமார் 80, K = 40 சுமார் 130. வாய்ப்பாகச் சொன்னால் சராசரி அணிக்கு எதிராக முறையே 56%, 61%, 68%. எதுவும் 81ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 16 ஆட்டத்தை வைத்து அவ்வளவு தூரம் நம்ப எலோ மறுக்கிறது.

மறுத்தது நியாயம்தானா? 2009இல் ராஜஸ்தான் அரையிறுதிக்கே போகவில்லை. 2008இல் கடைசி இடத்தில் இருந்த டெக்கான் சார்ஜர்ஸ் கோப்பையைத் தூக்கியது. ஒரு சீசனை வைத்து K-ஐ முடிவு செய்யக் கூடாதுதான், ஆனால் இந்த லீக்கின் சுபாவம் இதில் தெரிகிறது.

## K-ஐத் தரவிடமே கேளுங்கள்

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வரிசை வரும்வரை K-ஐத் திருகிக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் உங்கள் அபிமான அணிக்குப் பிடித்த K கிடைக்கும். பதிலாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய கணிப்புக்கு ஓர் அபராதம் போட்டு, சராசரி அபராதம் எந்த K-க்குக் குறைவு என்று பாருங்கள். இந்த அபராதத்தின் பெயர் லாக் லாஸ். 60% என்று சொன்ன அணி வென்றால் அபராதம் -ln(0.6) = 0.511. தோற்றால் -ln(0.4) = 0.916. எதுவுமே தெரியாமல் எல்லா ஆட்டத்துக்கும் 50% என்று சொல்பவருக்கு எப்போதும் 0.693. நீங்கள் தாண்ட வேண்டிய கோடு அதுதான்.

```python
from math import log

def score(matches, k, home, carry, start=2011):
    r, loss, n, year = {}, 0, 0, None
    for m in matches:                  # தேதி வரிசையில்
        if m.year != year:
            r = {t: 1500 + carry*(x - 1500) for t, x in r.items()}
            year = m.year
        ra, rb = r.get(m.a, 1500), r.get(m.b, 1500)
        h = 0 if m.neutral else home   # m.a சொந்த ஊர் அணி
        p = expected(ra, rb, h)
        if year >= start:
            loss -= m.s*log(p) + (1 - m.s)*log(1 - p)
            n += 1
        r[m.a], r[m.b] = update(ra, rb, m.s, k, h)
    return loss / n
```

முதல் மூன்று சீசன்களுக்கு அபராதம் போடவில்லை; எல்லாரும் 1500இல் தொடங்கியதால் அப்போதைய கணிப்புகளுக்கு மதிப்பில்லை. K-ஐ 5 முதல் 60 வரை ஐந்தைந்தாக ஓட்டுங்கள். 2011 முதல் 2021 வரையான ஆட்டங்களில் தேர்ந்தெடுத்து, 2022க்குப் பிந்தையவற்றில் சரிபாருங்கள். பார்த்த தரவிலேயே பரீட்சை வைத்தால் எல்லாரும் பாஸ்தான்.

வரைபடத்தின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். K = 15க்கும் 25க்கும் மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசம் வரும் என்றால், அந்த வித்தியாசத்தை நம்ப வேண்டாம். தட்டையான பகுதிக்குள் சின்ன எண்ணையே எடுப்பேன், தள்ளாட்டம் குறையும். ஏதோ ஒரு K அபராதத்தை 0.6க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாமல் நிரலைச் சோதியுங்கள். ஆட்டம் முடிந்த பிறகான ரேட்டிங்கை வைத்து அதே ஆட்டத்தைக் கணித்திருப்பீர்கள். டி20இல் அவ்வளவு துல்லியம் கிடைக்காது.

## ஏலம் வந்தால்

மேலே உள்ள நிரலில் `carry` என்ற ஒன்று இருக்கிறது. சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு அணியையும் 1500ஐ நோக்கி இழுப்பது அது. carry = 0.7 என்றால், 1570இல் முடித்த அணி அடுத்த சீசனை 1549இல் தொடங்கும். K-ஐப் பெரிதாக்காமலேயே பழசை மறக்க இதுதான் வழி, ஐபிஎல்லில் இதற்குத்தான் அதிக வேலை. ஏனென்றால் இங்கே பலம் மாறுவது படிப்படியாக அல்ல, ஏலத்தில் ஒரே அடியாக.

அதனால் மெகா ஏலம் நடந்த சீசன்களுக்கு (2011, 2014, 2018, 2022, 2025) தனி carry வைப்பது நல்லது. சாதாரண வருடத்துக்கு 0.7, மெகா ஏல வருடத்துக்கு 0.4 என்று தொடங்கி, இரண்டையும் லாக் லாஸ் வைத்தே சரிசெய்யுங்கள். 2021 சாம்பியன் சிஎஸ்கே 2022இல் ஒன்பதாவது. 2024 சாம்பியன் கேகேஆர் 2025இல் எட்டாவது. இரண்டுக்கும் நடுவில் மெகா ஏலம். இரண்டே உதாரணம் என்பதால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட சீசன்கள் மொத்தமே கைவிரல்களுக்குள் அடங்கும் என்பதால் அந்த carry ஒருபோதும் உறுதியாகத் தெரியாது.

2016, 2017இல் சிஎஸ்கேவும் ராஜஸ்தானும் தடையில் இருந்தன. நிரல் எல்லா அணியையும் ஒவ்வொரு சீசனிலும் இழுப்பதால், ஆடாத இரண்டு வருடங்களிலும் அவை 1500ஐ நோக்கி நகர்ந்திருக்கும். அது சரிதான். புதிய அணிகளுக்கு 1500 கொடுப்பதும் இங்கே பொருந்தும், எல்லாருக்கும் ஒரே ஏலத்தொகை என்பதால். 2022இல் புதிதாக வந்த குஜராத் அதே வருடம் கோப்பையை எடுத்தது. இதையே கால்பந்து லீக்கில் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவரும் அணிக்குச் செய்தால் தப்பாகிவிடும்.

## சொந்த மைதானம், வெற்றி வித்தியாசம்

சொந்த ஊரில் ஆடும் அணிக்குக் கணிப்பின்போது மட்டும் சில புள்ளிகளைக் கூட்டுங்கள், ரேட்டிங்கில் சேர்க்காதீர்கள். எவ்வளவு என்பதைச் சொந்த ஊர் வெற்றி விகிதத்திலிருந்து பெறலாம்: `H = 400 × log10(w/(1-w))`. w 54% என்று வந்தால் H = 28.

ஆனால் எது சொந்த ஊர்? 2009 முழுக்கத் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2020 முழுக்க ஐக்கிய அரபு அமீரகம். 2021இல் இந்தியாவில் நடந்த பகுதியிலும் எந்த அணியும் தன் ஊரில் ஆடவில்லை. இவற்றுக்கெல்லாம் H = 0. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டத்தோடு சிஎஸ்கேயின் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. தரவில் அது சொந்த ஆட்டம் என்றே தோன்றும். நான் அதைப் பொது மைதானமாகவே கணக்கிடுவேன், புனே வரை ரயில் பிடித்துப் போன மஞ்சள் சட்டைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும். அப்புறம், மைதானத்துக்கு மைதானம் தனி H வைக்க ஆசை வரும். ஒரு மைதானத்தில் வருடத்துக்கு ஏழு ஆட்டம்; அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது.

வெற்றி வித்தியாசத்தைச் சேர்ப்பது கால்பந்தில் எளிது, கோல் என்ற ஒரே அளவு இருப்பதால். கிரிக்கெட்டில் முதலில் ஆடிய அணி ரன்னில் வெல்கிறது, துரத்திய அணி விக்கெட்டில். 2023 இறுதியாட்டத்தில் சிஎஸ்கே வென்றது 5 விக்கெட் வித்தியாசத்தில். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடிக்க வேண்டியிருந்தது. விக்கெட் எண்ணிக்கையை வித்தியாசமாக எடுத்தால் மாதிரி அங்கேயே ஏமாந்துவிடும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் துரத்தலில் மீதமிருந்த பந்துகளை எடுங்கள். முதல் பதிப்பில் வெற்றி, தோல்வி மட்டும் போதும்.

## புள்ளி வித்தியாசம் வாய்ப்பாகும் இடம்

சூத்திரம் தரும் எண்கள் இவை:

| வித்தியாசம் | வெல்லும் வாய்ப்பு |
|---|---|
| 0 | 50% |
| 35 | 55% |
| 70 | 60% |
| 100 | 64% |
| 200 | 76% |

ஐபிஎல்லில் பெரும்பாலான ஆட்டங்கள் முதல் மூன்று வரிகளுக்குள் அடங்கும். உங்கள் பட்டியலில் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் 300 புள்ளி இடைவெளி வந்தால், K பெரிதாக இருக்கிறது அல்லது carry வேலை செய்யவில்லை.

ஒரு கற்பனை ஆட்டம்: சேப்பாக்கத்தில் சிஎஸ்கே 1540, மும்பை 1515, H = 28, K = 20. மொத்த வித்தியாசம் 53, வாய்ப்பு 57.6%. சிஎஸ்கே வென்றால் 8.5 புள்ளி ஏறும், தோற்றால் 11.5 இறங்கும்.

இந்த 57.6ஐ நம்பலாமா என்று பார்க்க, பழைய கணிப்புகளைக் கூறுகூறாகப் பிரியுங்கள்: 50 முதல் 55 வரை ஒரு கூறு, 55 முதல் 60 வரை இன்னொன்று, இப்படியே. ஒவ்வொரு கூறிலும் உண்மையில் எத்தனை சதவீதம் வென்றார்கள்? உதாரணமாக, சராசரியாக 65% சொன்ன கூறில் 58% மட்டுமே வென்றிருந்தால் மாதிரி அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறது. 65% என்பது 108 புள்ளி, 58% என்பது 56 புள்ளி. வித்தியாசத்தைச் சுமார் 0.52ஆல் பெருக்கிவிட்டு வாய்ப்பாக மாற்றினால் சரியாகும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். அந்தக் கூறில் 100 ஆட்டம்தான் இருந்தது என்றால், அதிர்ஷ்டத்தாலேயே 5 சதவீதம் இப்படி அப்படிப் போவது சாதாரணம், 10 வரைக்கும் போகலாம். 65க்கும் 58க்கும் உள்ள இடைவெளி அதற்குள் வருகிறது. எனவே ஒவ்வொரு கூறையும் தனித்தனியாகத் திருத்தாமல், எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே பெருக்கெண்ணை லாக் லாஸ் குறையும்படி தேடுங்கள். அது 0.9க்கும் 1.1க்கும் நடுவில் வந்தால் 400ஐத் தொடவே வேண்டாம். 0.6 போல வந்தால், பெருக்கெண்ணை ஒட்டவைப்பதற்கு முன் K-ஐயும் carry-ஐயும் இன்னொரு முறை பாருங்கள். வித்தியாசங்கள் ஊதிப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.